பத்தடிக் கரைக்கு எந்தச் சரிவு, எந்த மண், எதை வைத்து இறுக்குவது?

மாரண்டஅள்ளிப் பக்கம் மச்சானுக்கு இரண்டரை ஏக்கர் மேட்டு நிலம். நடுவில் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடுகிற ஒரு பள்ளம். பட்டா நிலத்துக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிகிற பள்ளம் என்பதால் குறுக்கே கரை போட்டு, மழைத் தண்ணீரை நிறுத்தும் குட்டையாக்க முடிகிறது (ஓடைப் புறம்போக்காக இருந்தால் கை வைக்கக் கூடாது, முதலில் வி.ஏ.ஓ.விடம் வரைபடத்தைப் பாருங்கள்). கரை நீளம் 120 அடி, பள்ளத்தின் நடுவில் உயரம் 10 அடி, மேல் அகலம் 8 அடி. மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகிற கலிங்கு 7 அடியில், அதுவும் கரையில் அல்ல, ஓரத்துக் கெட்டி நிலத்தில் வெட்டுவது. வெள்ளம் கலிங்கில் ஒரு அடி ஏறி ஓடினாலும் கரையின் தலை இரண்டடி மேலே நிற்கும். இது வரை குழப்பம் இல்லை. சரிவு எவ்வளவு, நடுவில் களிமண் சுவர் வைக்கலாமா, ரோலர் வாடகைக்கு எடுக்கலாமா என்ற மூன்றில்தான் அவருக்கு ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஜேசிபி ஓட்டுகிற தம்பி, "ஒன்னுக்கு ஒன்னு போதும்ணா, ரெண்டு நாள்ல முடிச்சுத் தர்றேன்" என்றிருக்கிறார். நான் அதே வார்த்தையைக் கேட்டு ஒரு கரையை இழந்தவன், அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சரிவு. ஒன்றுக்கு ஒன்று என்றால் ஒரு அடி உயரத்துக்கு ஒரு அடி வெளியே போவது, ஒன்றுக்கு மூன்று என்றால் மூன்றடி போவது. எல்லோரும் செங்குத்தாகப் போடச் சொல்வதற்கு ஒரே காரணம் மண் மிச்சமாகும் என்பது. எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. நடுவில் 10 அடி உயரம் இருக்கும் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் ஒன்றுக்கு ஒன்று வைத்தால் ஓடும் அடிக்கு 180 கன அடி மண், உள்ளே மூன்று வெளியே இரண்டு என்று வைத்தால் 330 கன அடி. கிட்டத்தட்ட இரட்டிப்பு, பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் கரை முழுக்கப் பத்தடி இல்லை, இரண்டு ஓரத்துக்கும் போகப் போக உயரம் குறைந்து பூச்சியமாகிறது. அப்படிச் சரிந்து போகிற கரைக்குக் கணக்குப் போட்டால் ஒன்றுக்கு ஒன்று என்றால் சுமார் 88 யூனிட், இரண்டு பக்கமும் ஒன்றரை என்றால் 108, உள்ளே இரண்டரை வெளியே இரண்டு என்றால் 138, உள்ளே மூன்று வெளியே இரண்டு என்றால் 148. (யூனிட் என்பது நம்ம வழக்கப்படி 100 கன அடி, டிராக்டர் டிரெய்லரில் ஏறக்குறைய ஒரு நடை.) அதாவது ஒன்றரைக்கும் நல்ல சரிவுக்கும் வித்தியாசம் நாற்பது நடை மண், அதுவும் குட்டைக்குள்ளேயே வெட்டி அங்கேயே போடுகிற மண். இரண்டரைக்கும் மூன்றுக்கும் பத்தே நடை.

உள்பக்கச் சரிவு ஏன் இவ்வளவு படுத்திருக்க வேண்டும்? தண்ணீர் நிற்கும்போது கரை சரிவதில்லை, தண்ணீரே அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. நாம் தக்காளிக்கு மோட்டார் போட்டு ஒரே வாரத்தில் ஏழடியையும் இறைத்துவிடுவோம். அப்போது வெளியே தாங்கிய தண்ணீர் போய்விடும், கரைக்குள் ஊறிய தண்ணீர் மட்டும் அவ்வளவு வேகமாக வடியாது. ஊறிக் கனத்த மண், பிடிமானம் இல்லாமல் உள்பக்கமாகச் சரியும். கட்டாத மண் கிணற்றில் மோட்டார் ஓடி நீர்மட்டம் சட்டென்று இறங்கிய பிறகு பக்கம் இடிந்து விழுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே விஷயம்தான். களி கூடின மண்ணில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அது மெதுவாகத்தான் வடியும். அதனால் வண்டலும் களியும் கலந்த மண் என்றால் நான் ஒன்றுக்கு மூன்றுக்குக் கீழே போக மாட்டேன். மணலும் களியும் கலந்த நம்ம செம்மண்ணில், கொஞ்சம் கொஞ்சமாக இறைக்கிற குட்டைக்கு, இரண்டரை தாங்கும். மச்சான் ஒரே மூச்சில் இறைக்கிறவர், இடமும் இருக்கிறது, வித்தியாசம் பத்து யூனிட். மூன்று என்றே முடிவு. வெளிப்பக்கம் இரண்டு போதும், ஒன்றரை வேண்டாம், ஒன்றரையில் மழை ஓடி வாய்க்கால் வாய்க்காலாக அரிக்கும், புல்லும் பிடிக்காது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கரையின் ஓரத்தில் எந்த வண்டியாலும் சரியாக மிதிக்க முடியாது, ஓரம் எப்போதும் தளர்வாகத்தான் இருக்கும். அதனால் இரண்டு பக்கமும் ஒரு அடி கூடுதலாகப் போட்டு ஏற்றி, முடிந்ததும் ஜேசிபி பக்கெட்டால் சீவி எடுக்க வேண்டும். சீவிய மண்ணைக் கீழே குவித்து வைக்காமல் கரையின் தலையில் போட்டு மிதித்துவிடலாம். சரிவு சரியா என்று பார்க்க ஒரு முக்கோணச் சட்டம் போதும். ஒரு பக்கம் மூன்றடி, அதற்குச் செங்குத்தாக ஒரு அடி, மூன்றாவது சட்டம் இரண்டையும் சேர்ப்பது. அந்தச் சாய்ந்த சட்டத்தைச் சரிவில் படுக்க வைத்து, மேலே இருக்கும் மூன்றடிச் சட்டத்தில் மேஸ்திரியின் ரசமட்டத்தை வைத்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது மண். இங்கேதான் மச்சான் பணத்தைக் கொட்டப் பார்த்தார். யாரோ நடுவில் மூன்றடி அகலத்துக்குக் களிமண் சுவர் எழுப்பச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு அரூர்ப் பக்கத்திலிருந்து கரிசல் ஏற்றி வருவதாக ஏற்பாடு. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்றடி அகலத்தில் வண்டி இறங்க முடியாது, திமிசுக் கட்டையால் இடித்துத்தான் ஏற்ற வேண்டும், பத்தடி உயரத்துக்கு அதை ஒழுங்காக இடிக்க இன்றைக்கு ஆள் கிடையாது. களிச்சுவர் வைத்தே ஆக வேண்டும் என்றால் டிராக்டர் ஓடுகிற ஆறடி அகலம் வையுங்கள். கரிசலின் பிரச்சினை வேறு. அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். நம்ம குட்டைகள் மாசியிலிருந்தே வற்றிக் கிடக்கின்றன. அந்த நாலைந்து மாதத்தில் கரையின் மேல்பகுதியில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும், முதல் மழை வெள்ளம் அந்த வெடிப்பில்தான் வழி தேடும். கரிசல் வைத்தால் நடுவில் புதைத்து, தலைக்கு மேல் இரண்டடி செம்மண் மூடி, காயாமல் வைத்திருக்க முடிகிற இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும். ஏரி வண்டலையும் பலர் களிமண் என்று நினைக்கிறார்கள். வயலுக்கு அது பொன், ஆனால் அதில் மக்கும், நுண்ணிய தூளும் நிறைய, களி குறைவாகவும் இருக்கலாம். பார்க்காமல் போடக் கூடாது.

சரி, உங்கள் மண் தேறுமா தேறாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நேராக நிற்கிற பக்கம் உள்ள கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. கட்டிகள் கரைகிற வரை நன்றாகக் குலுக்கி, ஆடாத இடத்தில் வைத்துவிட வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல், அங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல், அங்கே இன்னொரு கோடு. மறுநாள் வரை இறங்கி மேலே நிற்பது களி. மச்சான் நிலத்தில் இரண்டு பாட்டில் வைத்தோம். மேலே இருக்கிற செம்மண்ணில் களி ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, மணல் பாதிக்கு மேல். நாலடிக்குக் கீழே வருகிற மொரம்பில் எல்லாமே மணலும் சிறு கல்லும், களி பேருக்குத்தான். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் களி இருந்தால் அந்த மண்ணாலேயே தண்ணீர் நிறுத்தலாம், வெளியிலிருந்து எதுவும் கொண்டு வர வேண்டாம்.

இதோடு இன்னொரு சோதனை, பலர் விட்டுவிடுவது. காய்ந்த மண்ணில் சுண்டைக்காய் அளவு ஒரு கட்டியை ஒரு கிளாஸ் தெளிந்த தண்ணீரில் மெதுவாக இறக்கிவிட்டு, தொடாமல் பத்து நிமிடம் பாருங்கள். கட்டி சரிந்து குவியலாக உட்கார்ந்தால் நல்லது. கட்டியைச் சுற்றிப் பால் ஊற்றினது போல ஒரு மேகம் எழும்பி, கிளாஸின் அடி முழுக்கப் பரவினால் அந்த மண் கரையில் போடக் கூடாத மண். அதில் சோடியம் கூடியிருக்கும், சின்ன வெடிப்பில் தண்ணீர் புகுந்தாலே களி தானாகக் கரைந்து கூடவே போய்விடும், எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. இதற்கு போர் தண்ணீர் வேண்டாம், உப்புத் தண்ணீரில் அந்த மேகம் எழும்பாமல் மறைந்துவிடும். பிடித்து வைத்த மழைத் தண்ணீர், இல்லையென்றால் கடையில் விற்கிற பேட்டரி தண்ணீர். மச்சானின் செம்மண் கட்டி அமைதியாக உட்கார்ந்துவிட்டது. மேகம் வந்திருந்தால் வேலையை நிறுத்தி, மண்ணைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருப்பேன்.

ஆக மூன்று வழிகள். முழுக்கச் செம்மண்ணிலேயே போடுவது, நடுவில் களிச்சுவர் வைப்பது, இல்லையென்றால் உள்பாதி செம்மண் வெளிப்பாதி மொரம்பு. முதல் வழிதான் எளிது, ஆனால் அதற்கு மண் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குட்டையின் தரையில்தான் நல்ல செம்மண் நாலடி இருக்கிறது. அதை முழுக்க வழித்து எடுத்தால் கீழே மொரம்பு வாய் திறந்துவிடும், கரை கல் மாதிரி நிற்கும், தண்ணீர் தரை வழியே இறங்கிவிடும். நம்ம பக்கம் வற்றிப் போகிற குட்டைகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன், கரையைக் குறை சொல்வார்கள், உண்மையில் ஓட்டை தரையில் இருக்கும். தரையில் ஒன்றரை அடி செம்மண் விட்டே ஆக வேண்டும். 80 அடிக்கு 60 அடி பரப்பில் இரண்டரை அடி வெட்டினால் 120 யூனிட், இறுக்கிய பிறகு அது நூறுதான் நிற்கும். நமக்குக் கரைக்கு மட்டும் 148 வேண்டும்.

அதனால் மூன்றாவது வழி. அந்த நூறில் 25 யூனிட் அடிப்பள்ளத்துக்குப் போகிறது. கரையின் நடுக்கோட்டின் கீழே, நீளவாக்கில், அடியில் ஆறடி அகலம், சராசரி மூன்றடி ஆழம் தோண்டி, செம்மண் போட்டு இறுக்குகிற பள்ளம் இது. நடுச்சுவரைவிட இது முக்கியம். புது மண்ணுக்கும் பழைய தரைக்கும் நடுவில், வேரும் எலி வளையும் மக்கிய மண்ணும் இருக்கிற அந்த மேல்தோல் வழியாகத்தான் தண்ணீர் முதலில் வெளியே வரும். மேல் மண்ணை அரையடி வழித்து, புல் வேரெல்லாம் எடுத்துவிட்டு, பள்ளத்தைக் கெட்டித் தரை வருகிற வரை இறக்க வேண்டும். கெட்டி என்றால் பக்கெட் பல் கிறீச்சிடுவது மட்டும் போதாது, சிதைந்த பாறையும் கிறீச்சிடும், அதன் இடுக்கில் தண்ணீரும் போகும். பள்ளத்தின் அடியில் ஒரு அடிக்குக் குழி தோண்டி ராத்திரி தண்ணீர் நிரப்பி வையுங்கள். காலையில் பெரும்பாலும் நின்றால் போதும், காலியாக இருந்தால் இன்னும் இறங்க வேண்டும். மிச்சம் 75 யூனிட் செம்மண் கரையின் உள்பாதி, அந்தப் பள்ளத்தோடு ஒட்டி மேலே ஏறுகிறது. வெளிப்பாதிக்கு 73 யூனிட் மொரம்பு, நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிற மேட்டிலிருந்து வெட்டுவது. உருண்டைக் கல், முஷ்டிக்கு மேல் பெரிசாக இருப்பதை எல்லாம் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். மொரம்பு வெளியே இருப்பதில் ஒரு லாபம், உள்ளே கசிந்து வருகிற தண்ணீரை அது வடித்துக் கீழே இறக்கிவிடும், வெளிச்சரிவு ஊறிப் போகாது.

இப்போது இறுக்குவது. மேலே சொன்ன இரண்டிலும் கொஞ்சம் முன்பின் தவறினாலும் கரை நின்றுவிடும், இதில் தவறினால் நிற்காது. என் கரை போனது இதனால்தான். ஒன்றுக்கு ஒன்று சரிவு, மே மாத வெயிலில் பொடியாகக் காய்ந்த மண்ணை ஜேசிபி இரண்டு மூன்றடி கனத்துக்குத் தள்ளித் தள்ளிக் குவித்து, பக்கெட்டால் மேலே தட்டிக் கொடுத்தது. பார்க்க அழகாக இருந்தது. அடியில் நாலு அங்குல பிவிசி குழாய் ஒன்று, தண்ணீர் திறந்துவிட. ஐப்பசி மழையில் ஒரே ராத்திரியில் ஐந்தடி ஏறியது. மறுநாள் சாயங்காலம் வெளிக்காலடியில் குழாயைச் சுற்றி ஈரம், கையை வைத்துப் பார்த்தால் செம்மண் கலங்கலாகத் தண்ணீர் கொப்பளித்தது. தெளிந்த தண்ணீராக இருந்தால் கசிவு, கலங்கலாக வந்தால் உள்ளேயிருந்து மண் போகிறது, அது எனக்கு அன்று தெரியாது. விடிந்து போய்ப் பார்த்தால் கன்றுக்குட்டி நுழைகிற அளவுக்குக் கரை பிளந்து கிடந்தது. குழாயின் அடிவயிற்றில் மண் இறுகவே இல்லை. அதனால் மச்சானிடம் குழாயே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மோட்டாரோ சைஃபனோ வைத்துக் கரையின் மேலேயே தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம்.

இறுக்க நாலு வழி இருக்கிறது, ஜேசிபி டயர், சுமை ஏற்றிய டிராக்டர் டிரெய்லர், ரோடு போடுகிற வழவழப்பு ரோலர், ஆட்டுக்கால் மாதிரி முளைகள் வைத்த ஷீப்ஃபூட் ரோலர். களி உள்ள மண்ணுக்கு ஷீப்ஃபூட்தான் ராஜா. முளைகள் அடுக்கின் அடியிலிருந்து பிசைந்து இறுக்கிக்கொண்டே மேலே வரும், அடுக்குக்கு அடுக்கு ஒட்டும். வழவழப்பு ரோலர் மொரம்புக்கு நல்லது, செம்மண்ணில் மேலே ஒரு பளபளப்பான தோல் விட்டுவிடும், அடுத்த அடுக்கு அதில் ஒட்டாது, அந்தக் கோட்டில் தண்ணீர் ஓடும். ஜேசிபியின் எடை போதாது என்று யாராவது சொன்னால் அது சரியில்லை, எடை இருக்கிறது, குறை அடுக்கின் கனத்தில். மூன்றடி கனத்தில் எவ்வளவு பெரிய வண்டி ஏறினாலும் மேல் அரையடிதான் இறுகும்.

மச்சானின் வேலைக்கு ஷீப்ஃபூட் எடுக்கலாமா? எடுத்தால் நல்லதுதான், ஆனால் 170 யூனிட்டை ஒரே ஜேசிபி வெட்டிக் கொடுக்கிற வேகத்துக்கு ரோலர் பாதி நேரம் சும்மா நிற்கும், அதை ஏற்றி வருகிற லோபெட் லாரி வாடகை வேறு. பக்கத்தில் யாராவது அதே வாரம் கரை போட்டால் பங்கு போட்டு எடுப்பேன். தனியாக என்றால் சுமை ஏற்றிய டிராக்டர் போதும், ஆனால் நிபந்தனையோடு. பரப்பும்போது ஆறு அங்குலம், அதற்கு மேல் ஒரு அடுக்கும் போகக் கூடாது. சக்கரத் தடம் ஒவ்வொரு நடைக்கும் தள்ளித் தள்ளி, கரை அகலம் முழுக்க எட்டுப் பத்து முறை மிதிபட வேண்டும். அடுத்த அடுக்குக்கு முன் ஐந்து கொத்துக் கலப்பையால் மேலே லேசாகக் கீறி, தண்ணீர் தெளித்து, பிறகு மண். ஷீப்ஃபூட் என்றால் எட்டு ஒன்பது அங்குலம் பரப்பலாம், ஆறு நடையிலிருந்து எட்டு நடை போதும், கீறவும் வேண்டியதில்லை.

டிராக்டரா ரோலரா என்பதைவிடப் பெரிய கேள்வி தண்ணீர். கோடையில் மண்ணில் ஈரம் நூற்றுக்கு ஐந்துதான் இருக்கும், நம்ம செம்மண் நன்றாக இறுகுவதற்குப் பன்னிரண்டு பக்கம் வேண்டும். அடிப்பள்ளமும் கரையும் சேர்த்து 173 யூனிட், எடை ஏறக்குறைய 850 டன், அதில் நூற்றுக்கு ஏழு என்றால் 60,000 லிட்டர். ஐயாயிரம் லிட்டர் டேங்கரில் பன்னிரண்டு நடை, வெயிலில் ஆவியாவதற்கு இரண்டு சேர்த்துப் பதினாலு. கரிசல் ஏற்றி வர ஒதுக்கிய பணம் இதற்கு வந்து மிஞ்சும். தண்ணீரைக் கரையில் ஊற்றாமல், வெட்டப் போகிற இடத்தில் முதல் நாள் சாயங்காலமே பாய்ச்சி ஊற விட்டால் ஈரம் சீராக இருக்கும். அல்லது கோடை மழை ஒன்று பெய்த மூன்றாம் நாள் தொடங்கினால் பாதி டேங்கர் மிச்சம். ஈரம் சரியா என்று கையே சொல்லும். ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் சேறு ஒட்டக் கூடாது. அந்த உருண்டையை இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். பொடியாகச் சிதறினால் தண்ணீர் போதாது, அப்பமாகத் தட்டையானால் அதிகம், ஒரு நாள் காய விட வேண்டும். ஈரம் கூடிப்போன மண்ணை மிதித்தால் வண்டிக்கு முன்னால் கரை மெத்தை மாதிரி அலையடிக்கும், அது தெரிந்த உடனே நிறுத்திவிடுங்கள்.

இறுகியதா என்பதற்கு ஒரு 12 மில்லிமீட்டர் கம்பி, மேலே குறுக்கே பிடி வைத்து வெல்டு செய்தது. இரண்டு கையாலும் முழுப் பலத்தோடு அழுத்தினால் இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. இது நானாகப் பழகிக்கொண்ட அளவு, பரிசோதனைக்கூடச் சோதனைக்குச் சமமில்லை. பன்னிரண்டு அடிக்கு மேல் உயரமோ, கரைக்குக் கீழே வீடோ இருந்தால் கம்பியை நம்பாமல் பொறியாளரை வைத்து அடுக்குக்கு அடுக்கு அடர்த்தி பார்க்க வேண்டும்.

இவ்வளவு இறுக்கினாலும் கரை கொஞ்சம் அமரும், டிராக்டர் மிதித்தது என்றால் பத்தில் ஒரு பங்கு வரை. அதனால் நடுவில் ஒரு அடி தூக்கி வைத்து ஓரத்துக்குப் போகப் போகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும், சமமாக விட்டால் அடுத்த வருடம் நடுதான் தாழ்ந்து வெள்ளம் அங்கே தாண்டும். மரம் வைக்க வேண்டாம், அருகம்புல்லும் வெட்டிவேரும் போதும். நண்டு வளையும் எலி வளையும் பார்த்த அன்றே தோண்டி இடித்து மூடிவிடுங்கள். தலையில் நீளவாக்கில் வெடிப்பு வந்தால் ஒரு பக்கம் சரியப் பார்க்கிறது என்று அர்த்தம். குறுக்கே வந்தால் இன்னும் அவசரம், தண்ணீருக்கு அது நேர் வழி.

மச்சான் சம்மதித்துவிட்டார். உள்ளே மூன்று, வெளியே இரண்டு, உள்பாதி செம்மண், டிராக்டர், பதினாலு டேங்கர், ஜேசிபி தம்பிக்கு இரண்டு நாளுக்குப் பதில் எட்டு நாள். ஆடிக்கு முன் முடித்தாக வேண்டும். முதல் வருடம் கலிங்கை ஏழடியில் வைக்காமல் நாலடியில் வெட்டி விடச் சொல்லியிருக்கிறேன். அந்த நாலடி நின்றால் ஒரு வாரம் தினமும் காலையில் வெளிக்காலடியில் நடந்து பார்த்து, வருகிற கசிவைக் கண்ணாடி கிளாஸில் பிடித்துத் தெளிவா கலங்கலா என்று பார்க்க வேண்டும். கலங்கலாக வந்தால் அடைக்கப் போகக் கூடாது, அந்த வாயில் முதலில் மணல், அதன் மேல் ஜல்லி போட்டு, தண்ணீர் வரட்டும் மண் வரக் கூடாது என்கிற மாதிரி வைத்துவிட்டு, மோட்டார் போட்டு மட்டத்தை இறக்க வேண்டும். தெளிவாகவே நின்றால் அடுத்த கோடையில் கலிங்கை ஏழடிக்கு உயர்த்திக்கொள்ளலாம்.